சிக்னலில் அணையும் இன்ஜின்

புதுக் கார் வாங்கியவர்களில் பலர், வண்டியை எடுத்ததும் முதல் வேலையாக டேஷ்போர்டில் ஒரு பட்டனை அழுத்துகிறார்கள். வட்டமாக வளைந்த அம்புக்குறி, அதன் நடுவே ஆங்கில ‘ஏ’. சிக்னலில் நின்றால் இன்ஜினை அணைத்து, கிளம்பும்போது தானே ஸ்டார்ட் செய்யும் வசதியை முடக்கும் பட்டன் அது. “பேட்டரி சீக்கிரம் போயிடும் சார்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பெரும்பாலான கார்களில் மறுமுறை வண்டியை எடுக்கும்போது அந்த வசதி மறுபடி வேலைக்கு வந்துவிடும். இவர்களும் மறுபடி அழுத்துவார்கள்.

அழுத்துவது லாபமா, நஷ்டமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில் மணிக்குச் சுமார் 600 மில்லி லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 மில்லி. சூடான இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்ய ஆகும் பெட்ரோல், அதிகம் போனால் பத்து விநாடி ஐடிலிங்குக்குச் சமம். அதாவது சுமார் 1.7 மில்லி. 90 விநாடி சிக்னலில் நின்றால் 15 மில்லி மிச்சம், சுமார் 1.7 செலவு. அப்படிப் பத்து சிக்னல் என்றால் சுமார் 133 மில்லி. லிட்டர் நூறு ரூபாய் என்றால் பதின்மூன்று ரூபாய் சொச்சம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் தினமும் ஊருக்குள் ஓட்டுபவருக்கு மாதம் முந்நூறு ரூபாய்க்கு மேல் வரும்.

இதே கணக்கு ஊர்ந்து போகும் நெரிசலில் தலைகீழாகிறது. நான்கு விநாடி நின்று, இரண்டு அடி நகர்ந்து, மறுபடி நிற்கும்போது மிச்சமாவது முக்கால் மில்லிகூட இல்லை. ஸ்டார்ட் செய்ய அதைவிட அதிகம் போகிறது. அங்கே அணைத்து வைப்பதுதான் சரி. அதற்குப் பட்டன்கூடத் தேவையில்லை. மேனுவல் காரில் நியூட்ரலுக்கு வந்து கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தால்தான் பொதுவாக இன்ஜின் அணையும். கிளட்ச்சை மிதித்தபடி இருந்தால் அணையாது. ஆட்டோமேட்டிக்கில் பல மாடல்கள் பிரேக் அழுத்தத்தைப் பார்க்கின்றன: மெல்ல மிதித்தால் ஓடும், அழுத்தி மிதித்தால் அணையும். இரண்டு நாள் ஓட்டினால் கால் பழகிவிடும்.

ஏ.சி. விஷயம் வேறு. சாதாரண கார்களில் கம்ப்ரஸரை இன்ஜின்தான் பெல்ட் வழியாகச் சுற்றுகிறது. இன்ஜின் அணைந்தால் காற்று வரும், குளிர்ச்சி வராது. மே மாத மதியத்தில் உள்ளே சூடு ஏறியதும், சிக்னல் விழும் முன்பே வண்டி தானே ஸ்டார்ட் ஆகிவிடும். சில நேரம் அணையவே அணையாது. அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். கோடையில் மிச்சம் குறையும், அவ்வளவுதான்.

பேட்டரி பயத்துக்கு வருவோம். இந்த வண்டிகளில் ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரி இரண்டுமே பல மடங்கு அதிக ஸ்டார்ட்டுகளுக்கென்று வலுவாகச் செய்யப்பட்டவை. பேட்டரி மேல் இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்று எழுதியிருக்கும். சிக்கல் தொடங்குவது அதை மாற்றும்போது. விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைப் போட்டால், அடிக்கடி இறங்கி ஏறும் சார்ஜை அது தாங்காமல் சீக்கிரமே படுத்துவிடும். பழி ஸ்டார்ட்-ஸ்டாப் மேல் விழும்.

பேட்டரி தளர்வதை முதலில் காட்டிக்கொடுப்பதும் இந்த வசதிதான். நெகட்டிவ் முனையில் இருக்கும் சிறு சென்சார் சார்ஜை அளந்துகொண்டே இருக்கும். போதாது என்று தெரிந்தால் இன்ஜினை அணைக்க விடாது. ஏ.சி. போடாமல், இன்ஜின் நன்றாகச் சூடாகி, சீட் பெல்ட்டும் போட்டிருந்தும் வாரக்கணக்கில் அணையவில்லை என்றால் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளில் பேட்டரி சரியாக இருந்தாலும் சார்ஜ் ஏறாமல் இப்படி ஆகும். ஒரு நீண்ட ஓட்டம் போய் வந்தால் சரியாகலாம். டேஷ் கேமரா மாதிரி எதையாவது பொருத்தும்போது எர்த் ஒயரை அந்த முனையில் நேராகக் கட்டாமல் பாடியில் கட்டச் சொல்வதும் நல்லது. இல்லையென்றால் அந்த மின்சாரம் சென்சாரின் கணக்குக்கு வராது.

மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் மட்டும் யோசிக்காமல் பட்டனை அழுத்திவிடுங்கள். சைலன்சர் மூழ்கும் அளவு தண்ணீரில் முன்வண்டிக்காக நின்று, இன்ஜின் அணைந்தால், புகையின் அழுத்தம் போய்த் தண்ணீர் உள்ளே ஏற வழி கிடைக்கும். இடுக்கமான இடத்தில் முன்னும் பின்னுமாக பார்க்கிங் செய்யும்போதும், வண்டிகள் வேகமாக வரும் சாலையில் யூ-டர்ன் எடுக்க இடைவெளிக்காகக் காத்திருக்கும்போதும் அணைத்து வைக்கலாம். அரை விநாடித் தாமதம்தான் என்றாலும், எதிரே லாரி வரும்போது அது நீளமான அரை விநாடி.