பாதி வேலையும் மெயின் கிளைக்குள்

2009 டிசம்பரில் ஃப்ளிக்கர் புகைப்படத் தளத்தின் பொறியாளர்கள் தங்கள் வேலைமுறையை வெளிப்படையாக எழுதினார்கள். அவர்களிடம் தனிக் கிளைகளே இல்லை. எல்லோரும் ஒரே மெயின் கிளையில் கோடைச் சேர்ப்பார்கள். அது ஒரே நாளில் பலமுறை தளத்துக்குப் போய்விடும்.

அப்படியானால் பாதி முடிந்த வேலை? அதை ஒரு நிபந்தனைக்குள் பூட்டிவைப்பார்கள். அதுதான் ஃபீச்சர் ஃப்ளாக்.

```
if (flags.newPage) showNewPage();
else showOldPage();
```

மதிப்பு `false` ஆக இருக்கும்வரை பயனருக்குப் பழைய பக்கம்தான். புதிய கோடு சர்வரில் இருந்தாலும் ஓடாது. ஆனால் தினமும் மற்றவர்களின் கோடோடு சேர்ந்தே சோதிக்கப்படும். வாரக்கணக்கில் பிரிந்து கிடந்த கிளையை இணைக்கும்போது மொத்தமாக வரும் மோதல்கள், இங்கே அன்றன்றைக்கே சிறிதாகத் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் முதலில் ஊழியர்களுக்கும், பிறகு ஒரு சிறு பங்கு பயனர்களுக்கும் திறக்கலாம். பிழை தெரிந்தால் ஃப்ளாகை அணைத்தால் போதும்.

பழைய ஃப்ளாகைத் துடைக்காமல் விடுவதுதான் உண்மையான ஆபத்து. அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடல், 2003-க்குப் பிறகு பயன்படாத ஒரு பகுதியைக் கோடிலேயே விட்டுவைத்திருந்தது. அதை இயக்கிய ஃப்ளாகையே 2012-இல் புதிய வசதிக்கும் எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய கோடு போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட் 1 அன்று ஃப்ளாக் இயங்கியதும், அந்த ஒன்றில் பழைய பகுதி விழித்துக்கொண்டு ஓயாமல் ஆர்டர்களை அனுப்பியது. பதறியவர்கள் மற்ற ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை நீக்கினார்கள். ஃப்ளாக் அணைக்கப்படாததால் அவையும் பழைய பகுதியை ஓட்டத் தொடங்கின. சுமார் 45 நிமிடங்களில் நடந்த அந்த வர்த்தகத்தால் ஏற்பட்ட நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது.