மண்ணீரலின் இடுக்கில் ஒரு சிவப்பணு

மண்ணீரலுக்குள் ரத்தம் ஓரிடத்தில் மிகக் குறுகிய இடுக்குகள் வழியாகப் போக வேண்டியிருக்கிறது. இடுக்கின் அகலம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான். அதில் நுழைய வேண்டிய சிவப்பணுவின் குறுக்களவோ 7 முதல் 8 மைக்ரோமீட்டர். ஆனாலும் அது நசுங்கி, நீண்டு, மறுபக்கம் வந்து பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. சுமார் 120 நாள் ஆயுளில் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. அணுவைச் சுற்றியிருக்கும் கொழுப்புப் படலத்துக்கு மட்டும் இந்த வலு கிடையாது. அதிலுள்ள புரதங்கள்தான் அதைத் தருகின்றன.

சவ்வில் இருக்கும் புரதங்களை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பார்க்கலாம். சில, கொழுப்புப் படலத்துக்குள்ளேயே பதிந்திருப்பவை. பெரும்பாலும் அதை ஊடுருவி இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். இவை ஊடுருவு புரதங்கள். மற்றவை படலத்துக்குள் நுழையாமல் அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் புறப் புரதங்கள். ஆய்வகத்தில் இவற்றை இனம்பிரிப்பது எளிது. கரைசலின் உப்பையோ காரத்தன்மையையோ மாற்றினால் புறப் புரதங்கள் கழன்று வந்துவிடும். ஊடுருவு புரதத்தை எடுக்க வேண்டுமானால் டிடர்ஜென்ட் ஊற்றிக் கொழுப்பையே கரைக்க வேண்டும்.

சிவப்பணுவில் முக்கியமான ஊடுருவு புரதத்துக்கு 'பேண்ட் 3' என்று பெயர். ஓர் அணுவில் சுமார் 10 லட்சம் பிரதிகள் இருக்கும். அதன் முதல் வேலை கடத்துவது. தசையிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அணுவுக்குள் பைகார்பனேட்டாக மாறுகிறது. அதை வெளியே அனுப்பி, பதிலுக்கு ஒரு குளோரைடை உள்ளே எடுத்துக்கொள்கிறது பேண்ட் 3. நுரையீரலில் இதே பரிமாற்றம் தலைகீழாக நடக்கும்.

அணுவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் முனையில் சர்க்கரையைச் சிதைக்கும் சில நொதிகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியிருக்கும்வரை அவை வேலை செய்வதில்லை. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் அதே முனையில்தான் வந்து அமரும். அப்போது நொதிகள் விடுபட்டு வேலையைத் தொடங்குகின்றன. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அணுவின் ஆற்றல் உற்பத்தி இப்படித்தான் கூடுகிறது. எனக்கு இந்தச் சவ்வில் மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

சவ்வில் ஏற்பிகளும் உண்டு. 'டஃபி' என்ற ஊடுருவு புரதம், ரத்தத்தில் மிதந்து வரும் அழற்சிச் செய்தி மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். விவாக்ஸ் மலேரியாக் கிருமி அதே புரதத்தைப் பற்றித்தான் அணுவுக்குள் நுழைகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலோரின் சிவப்பணுவில் டஃபி இல்லை. அங்கே விவாக்ஸ் மலேரியா அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இனி நங்கூரம். சவ்வின் உட்புறத்தில் 'ஸ்பெக்ட்ரின்' என்ற நீண்ட புறப் புரதம் மீன்வலைபோலப் பின்னிக் கிடக்கிறது. 'ஆன்கிரின்' என்ற இன்னொரு புறப் புரதம் ஒரு பக்கம் ஸ்பெக்ட்ரினையும் மறுபக்கம் பேண்ட் 3-ஐயும் பிடித்து, வலையைச் சவ்வோடு கட்டிவைக்கிறது. அணு நசுங்கி மீள்வது இந்தக் கட்டின் பலத்தில்தான்.

மரபணுக் கோளாறால் ஆன்கிரினோ, ஸ்பெக்ட்ரினோ, பேண்ட் 3-யோ குறைந்தால் கட்டு தளர்கிறது. பிடிப்பில்லாத இடங்களில் சவ்வு சிறு சிறு குமிழ்களாகப் பிய்ந்து போகிறது. உள்ளிருக்கும் சரக்கு அப்படியே இருக்க, உறை மட்டும் சிறுத்துக்கொண்டே வருவதால் தட்டையாக இருந்த அணு உருண்டையாகிவிடுகிறது. உருண்டை இடுக்கில் நுழையாது. மண்ணீரலிலேயே சிக்கி அழியும். ரத்தசோகை, மஞ்சள் காமாலை, வீங்கிய மண்ணீரல், சிறுவயதிலேயே பித்தப்பைக் கல் எல்லாம் இதன் தொடர்ச்சி. பரம்பரை கோள அணு நோய் என்று இதைச் சொல்வார்கள்.

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் MCHC என்ற எண் வழக்கத்தைவிடக் கூடியிருப்பது முதல் தடயம். ஸ்லைடில் பார்த்தால், நடுவில் வெளுப்பே இல்லாத சிறிய, அடர்ந்த அணுக்கள் தெரியும். நோயெதிர்ப்புக் கோளாறாலும் அணுக்கள் இப்படி உருளலாம் என்பதால் கூம்ப்ஸ் பரிசோதனை செய்து அதை விலக்க வேண்டும். EMA என்ற ஒளிரும் சாயம் பேண்ட் 3-இல் ஒட்டும். அணுக்கள் மங்கலாக ஒளிர்ந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிறது.

நோய் கடுமையானால் மண்ணீரலை எடுக்கிறார்கள். அணு உருண்டையாகவே இருக்கும், ஆனால் அழிவது வெகுவாகக் குறையும். கிருமித்தொற்று அபாயம் கூடுவதால் முன்னதாகத் தடுப்பூசி போட வேண்டும். சிறு குழந்தைகளுக்குக் கூடுமானவரை ஆறு வயதுவரை காத்திருப்பார்கள்.

நம் ஊரில் காமாலை என்றால் கல்லீரல் கோளாறு என்றே முடிவுகட்டி, கீழாநெல்லி கொடுத்துக் காத்திருக்கும் வீடுகள் நிறைய. பிள்ளைக்குக் காமாலை திரும்பத் திரும்ப வந்தால், குடும்பத்தில் யாருக்காவது ரத்தசோகையோ, இளம் வயதில் பித்தக்கல்லோ, மண்ணீரல் அறுவையோ இருந்ததா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.