ஆளுக்கொரு வரி, தகவலுக்கொரு கட்டம்

பழைய மாணவர் சங்கங்களில் ஒரு முகவரிப் பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கும். பத்துப் பேர் பத்து விதமாக எழுதிக் கொடுத்ததை யாரோ ஒருவர் அப்படியே தட்டச்சு செய்திருப்பார். அதில் ஒரு கட்டம் இப்படி இருக்கலாம் (பெயரும் எண்களும் கற்பனை):

```
கு. செல்வி (தையல் டீச்சர்) 12345-67890 / 0452-1234567, 4, வடக்கு மாசி வீதி, மதுரை
```

படிப்பவருக்கு இதில் குழப்பமே இல்லை. கூகுள் கான்டாக்ட்ஸுக்கு மட்டும் எது பெயர், எது எண் என்று தெரியாது. அதற்குப் புரியும் தலைப்புகளை ஊகிக்க வேண்டியதில்லை. அதிலிருந்து இரண்டு எண்களும் முகவரியும் உள்ள ஒரு பெயரை `Google CSV` ஆக ஏற்றுமதி செய்தால், முதல் வரியிலேயே தேவையான தலைப்புகள் வந்துவிடும்.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு. இனிஷியலை `Last Name` கட்டத்தில் போட்டால் கைப்பேசியில் ‘செல்வி கு.’ என்று தலைகீழாகத் தெரியும். ‘கு. செல்வி’ முழுவதையும் `First Name` கட்டத்திலேயே வைத்துவிடலாம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் ‘தையல் டீச்சர்’ `Notes` கட்டத்துக்குப் போகட்டும்.

பெரும்பாலான வேலை எண்களில்தான் இருக்கிறது. சாய்கோடு போட்டு எழுதிய இரண்டு எண்களை முதலில் இரண்டு கட்டங்களாகப் பிரித்துவிட வேண்டும். பிறகு கூகுள் ஷீட்ஸில், B பத்தியில் உள்ள எண்ணிலிருந்து கோடு, இடைவெளி எல்லாவற்றையும் C பத்தியில் நீக்கலாம். அடுத்த பத்தியில் கடைசி 10 இலக்கங்களை மட்டும் எடுத்து +91 சேர்க்கலாம்:

```
=REGEXREPLACE(TO_TEXT(B2),"[^0-9]","")
="+91"&RIGHT(C2,10)
```

எஸ்.டி.டி. குறியீட்டின் முன்னால் உள்ள சுழியத்தை விட்டால் தரைவழி எண்ணும் 10 இலக்கம்தான். அதனால் மதுரை எண்ணும் இதே வழியில் சரியாகிவிடும்.

ஆனால் இந்தச் சூத்திரம் தப்பைச் சொல்லாது. பிரிக்காமல் விட்ட இரட்டை எண்ணில் முதலாவதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஆகவே `=LEN(C2)` போட்டுப் பார்ப்பது நல்லது. 10, 11, 12 தவிர வேறு எது வந்தாலும் அந்த வரியைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஏழு வந்தால் ஊர்க் குறியீடு விட்டுப்போயிருக்கலாம். இருபதைத் தாண்டினால் இரண்டு எண்கள் ஒட்டியிருக்கின்றன.

இந்தச் சோதனையிலும் சிங்கப்பூர் நண்பர் தப்பிவிடுவார். 65 என்ற நாட்டுக் குறியீடும் எட்டு இலக்க எண்ணும் சேர்ந்தால் பத்துதான். வெளிநாட்டு எண்களைச் சூத்திரம் போடும் முன்பே தனியே எடுத்துவிட வேண்டும்.

முகவரியில் காற்புள்ளிகள் இருந்தால் கவலை வேண்டாம். ஷீட்ஸிலிருந்து சிஎஸ்வியாக இறக்கும்போது அந்தக் கட்டம் தானாகவே மேற்கோள் குறிக்குள் வந்துவிடும்:

```
First Name,Phone 1 - Value,Phone 2 - Value,Address 1 - Street,Address 1 - City,Notes
கு. செல்வி,+911234567890,+914521234567,"4, வடக்கு மாசி வீதி",மதுரை,தையல் டீச்சர்
```

இறக்கிய கோப்பை ‘சும்மா பார்க்கலாமே’ என்று எக்ஸெல்லில் திறந்து சேமித்தால் அத்தனையும் வீண். 12 இலக்க எண் 9.11235E+11 என்று சுருங்கும். சிஎஸ்வியில் அந்தச் சுருக்கமே பதிவாகும். மீதி இலக்கங்கள் திரும்பி வராது. பார்த்தே ஆக வேண்டுமென்றால் நோட்பேடு போதும்.

கடைசியில் ஐந்தாறு பெயர்களை மட்டும் முதலில் ஏற்றிப் பார்க்கலாம். கூகுள் அவற்றுக்கு, ஏற்றிய தேதியோடு ஒரு லேபிளை ஒட்டிவிடும். பத்தி ஏதாவது இடம் மாறியிருந்தால், அந்த லேபிளில் இருப்பவற்றை மொத்தமாக அழித்துவிட்டு, திருத்திய கோப்பை மறுபடி ஏற்றலாம்.