பக்கத்தின் மேல் டிரேட்மார்க் புகார் வந்தால்

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் ஒரு பக்கத்தின் பெயர் மீதோ ஹேண்டில் மீதோ வரும் டிரேட்மார்க் புகார்களில் பெரும்பாலானவை நீதிமன்றத்தைத் தொடுவதே இல்லை. புகார் கொடுப்பவர் தளத்தின் படிவம் ஒன்றை நிரப்புகிறார். தன் டிரேட்மார்க்கின் பதிவு எண், எந்த நாட்டில் பதிவானது, எந்தப் பக்கம் அதை மீறுகிறது என்ற விவரங்களைத் தருகிறார். தளத்தார் சான்றிதழில் இருக்கும் பெயரையும் பக்கத்தின் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். யார் அந்தப் பெயரை முதலில் பயன்படுத்தியவர் என்ற கேள்வி அந்தக் கட்டத்தில் எழுவதில்லை. அதை எழுப்ப வேண்டியவர் பக்கத்தின் உரிமையாளர்தான். பல நேரங்களில் பக்கம் மறைந்த பிறகே அவருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கிறது.

புகார் உண்மையானதுதானா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். ‘உங்கள் பக்கம் டிரேட்மார்க் விதியை மீறிவிட்டது, 24 மணி நேரத்தில் இந்த இணைப்பில் மேல்முறையீடு செய்யுங்கள்’ என்று வரும் செய்திகளில் கணிசமானவை கடவுச்சொல்லைத் திருடும் மோசடிகள். மெட்டாவின் சின்னத்தை முகப்புப் படமாக வைத்துக்கொண்டு மெசஞ்சரில் வரும் செய்தி அநேகமாக அந்த வகைதான். உண்மையான புகார் என்றால் செயலிக்குள்ளேயே, Account Status பகுதியில், அதன் தடயம் இருக்கும். அங்கே ஒன்றும் இல்லாமல் இணைப்பு மட்டும் வந்திருந்தால் அதைத் தொடக்கூடாது.

உண்மையான அறிவிப்பில் புகாரின் எண், புகார்தாரரின் பெயர், அவரைத் தொடர்புகொள்ளும் மின்னஞ்சல் ஆகியவை வழக்கமாக இருக்கும். அது டிரேட்மார்க் புகாரா, காப்பிரைட் புகாரா என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். காப்பிரைட் புகாருக்கு அமெரிக்கச் சட்டத்தில் எதிர் அறிவிப்பு என்று ஒரு வழி உண்டு. அதை முறையாகக் கொடுத்தால், புகார்தாரர் வழக்குத் தொடராத பட்சத்தில், நீக்கிய பதிவைத் தளம் சில வாரங்களுக்குள் திரும்ப வைத்தாக வேண்டும். டிரேட்மார்க்குக்கு அப்படிச் சட்டம் விதித்த எதிர் அறிவிப்பு கிடையாது. தளம் தானாக வைத்திருக்கும் மேல்முறையீட்டுப் படிவம் மட்டுமே உண்டு. காப்பிரைட் மாதிரிக் கடிதத்தை எங்கிருந்தோ எடுத்து அனுப்புகிறவருக்குப் பொருந்தாத பதிலே வரும், நாட்களும் வீணாகும்.

ஓர் எடுத்துக்காட்டோடு இதைத் தொடரலாம். காரைக்குடியில் ஒரு பெண் 2019 முதல் ‘வேங்கைமுற்றம்’ என்ற பெயரில் இட்லிப்பொடியும் பருப்புப்பொடியும் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் @vengaimutram என்ற ஹேண்டில். பெயரைப் பதிவு செய்யவில்லை. வேறு ஊரில் உள்ள ஒரு நிறுவனம் அதே பெயரை உணவகத்துக்காக 2022இல் விண்ணப்பித்து, 2024இல் பதிவு வாங்கி, இப்போது புகார் கொடுத்திருக்கிறது. இந்த நிலையில் அவர் கையில் என்ன இருக்கிறது?

பதற்றத்தில் பலரும் உடனே பெயரை மாற்றிவிடுகிறார்கள், அல்லது அதே பெயரில் புதுப் பக்கம் தொடங்குகிறார்கள். இரண்டும் கெடுதல். புதுப் பக்கம் தொடங்குவதைத் தண்டனையைத் தவிர்க்கும் முயற்சியாகத் தளம் எடுத்துக்கொண்டு மொத்தக் கணக்கையும் முடக்கலாம். பெயர் மாற்றமோ சான்றுகளைக் குழப்பிவிடும். பேஸ்புக் பக்கத்தில் Page transparency என்ற இடத்திலும், இன்ஸ்டாகிராமில் About this account என்ற இடத்திலும் கணக்கு எப்போது தொடங்கியது, பெயர் மாறியதா என்ற விவரம் இருக்கும். 2019இல் தொடங்கி ஒரே பெயரில் இருக்கும் கணக்குக்கு அந்தத் திரையே நல்ல சாட்சி. அதைப் படம் பிடித்து வைத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

அடுத்த வேலை, டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் உள்ள பொதுத் தேடலில் புகார்தாரரின் எண்ணைப் போட்டுப் பார்ப்பது. அங்கே நிலை Registered என்று இருக்கிறதா, Objected அல்லது Opposed என்று இருக்கிறதா என்பது முதல் கேள்வி. விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டுப் பதிவு பெற்றவர்போலப் புகார் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டப்படி, பதிவாகாத குறியை வைத்து மீறல் வழக்குப் போட முடியாது. ஆனால் தன் சரக்கென்று பிறர் நம்பும்படி விற்கிறார்கள் என்ற வேறு வகை வழக்குக்கு இடமுண்டு.

இரண்டாவது, வகுப்பு. பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலாப் பொடிகள் 30ஆம் வகுப்பு, உணவகச் சேவை 43. வகுப்பு வேறு என்பது பொடிக்காரருக்குச் சாதகம்தான், ஆனால் அதை மட்டும் நம்பி நிற்க முடியாது. உணவகமும் பொடியும் ஒரே வாடிக்கையாளரைக் குழப்பக்கூடிய நெருங்கிய தொழில்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதில் நியாயமும் இருக்கிறது. உணவகத்துக்குப் பதில் மோட்டார் பம்பு என்றால் கதை வேறு.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, பயன்பாட்டுத் தேதி. விண்ணப்பிக்கும்போது ‘எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறேன்’ என்று சொல்ல வேண்டும். இன்னும் தொடங்காதவர் Proposed to be used என்று குறிப்பார். இந்த நிறுவனம் 2022இல் அப்படிக் குறித்திருந்தால், அந்தத் தேதிக்கு முன் தனக்குப் பயன்பாடு இல்லை என்று அதுவே எழுதிக் கொடுத்ததாக ஆகிறது. சட்டத்தின் 34ஆம் பிரிவு, பதிவு பெற்றவரின் முதல் பயன்பாடு, அவருடைய பதிவுத் தேதி இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்தே தொடர்ச்சியாக அந்தப் பெயரில் தொழில் செய்து வருபவரைத் தடுக்க முடியாது என்கிறது. பதிவுத் தேதி என்பது சான்றிதழ் கையில் வந்த 2024 அல்ல, விண்ணப்பித்த 2022. பொடிக்காரர் 2019 என்பதால் அவர் பக்கம் பலமானது. நிறுவனம் 2016 முதலே உணவகம் நடத்திவருவதாகச் சான்றோடு காட்டினால் இந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

முந்திப் பயன்படுத்தியவரின் உரிமை எவ்வளவு வலிமையானது என்பதற்குத் திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கே போதும். பெயருக்காக மோதிய இரு தரப்பிடமும் பதிவு இருந்தது. பதிவு என்பது ஏற்கெனவே இருக்கும் உரிமைக்கு அங்கீகாரம்தான், முதலில் பயன்படுத்தியவரின் உரிமை பதிவு பெற்றவரின் உரிமையையும்விட மேலானது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. இணையப் பெயர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதை அதே நீதிமன்றம் 2004இல், சென்னையின் சத்யம் இன்போவே நிறுவனம் சிஃபி என்ற பெயருக்காகத் தொடுத்த வழக்கில் சொல்லிவிட்டது. டொமைன் பெயரைப் பற்றிய தீர்ப்பு அது. ஹேண்டில்களைப் பற்றிய வாதங்களும் அதே வழியில் செல்கின்றன.

2019 என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும். தானே எடுத்த திரைப்படங்களைவிட மூன்றாம் நபர் கொடுத்த தாள்களுக்கு மதிப்பு அதிகம். பெயர் அச்சிட்ட லேபிளுக்கு அச்சகம் கொடுத்த பில், உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, கூரியர் ரசீதுகள், வாடிக்கையாளர்கள் யுபிஐ வழியாகப் பணம் அனுப்பியதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை உதவும். இவற்றை ஆண்டு வாரியாக அடுக்க வேண்டும், ஏனென்றால் சட்டம் கேட்பது தொடர்ச்சி. 2020, 2021இல் விற்பனையே இல்லாமல் பக்கம் மட்டும் இருந்திருந்தால் எதிர்த்தரப்பு அந்த இடைவெளியைத்தான் பிடிக்கும்.

இப்போது பதில் எழுதலாம். முதல் கடிதம் புகார்தாரருக்கே போவது நல்லது, ஏனென்றால் அவர் புகாரைத் திரும்பப் பெற்றால் பக்கத்தை மீட்பது எளிது. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. உங்கள் பதிவு இன்ன எண், இன்ன வகுப்பு, விண்ணப்பத் தேதி இது, பயன்பாடு பற்றி நீங்கள் குறித்தது இது. நாங்கள் இன்ன தேதி முதல் இந்தப் பொருளை இந்தப் பெயரில் விற்கிறோம், சான்றுகள் இணைப்பில். 34ஆம் பிரிவின்படி எங்கள் பயன்பாட்டைத் தடுக்க முடியாது, புகாரை இந்த எண் குறிப்பிட்டுத் திரும்பப் பெறுங்கள். இவ்வளவுதான். ‘தெரியாமல் வைத்துவிட்டோம், மன்னிக்கவும்’ என்ற ஒரு வரி அந்தக் கடிதத்தில் நுழைந்தால் பிறகு நீதிமன்றத்தில் அதுவே முதல் ஆவணமாகும்.

அதே உள்ளடக்கம் தளத்தின் மேல்முறையீட்டுப் படிவத்துக்கும் போகும். பயன்படாவிட்டால், தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021இன்படி ஒவ்வொரு தளமும் இந்தியாவில் நியமித்திருக்க வேண்டிய குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். அவர் முடிவு சரியில்லை என்றால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணைய வழியாகவே செல்லலாம். டிரேட்மார்க் யாருடையது என்று அந்தக் குழு தீர்ப்பளிக்காது. தளம் தன் விதிப்படி முறையாக நடந்ததா என்பதைத்தான் பார்க்கும்.

வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தால் விஷயம் கனமாகிறது. டிரேட்மார்க் வழக்கைத் தன் தொழில் நடக்கும் ஊரிலேயே தொடரச் சட்டம் வாதிக்கு இடம் தருகிறது. காரைக்குடிக்காரர் மீது டெல்லியில் வழக்கு வரலாம், அவரைக் கேட்காமலேயே இடைக்காலத் தடையும் கிடைக்கலாம். அதற்குத் தற்காப்பு, வழக்கு வரக்கூடிய நீதிமன்றத்தில் கேவியட் மனுப் போட்டு வைப்பது. அது 90 நாட்கள் செல்லும், அதற்குள் இவருக்குத் தெரிவிக்காமல் தடை கேட்க முடியாது. நோட்டீஸை மட்டும் பதில் போடாமல் விட்டுவிடக்கூடாது. அடிப்படையில்லாமல் மிரட்டுபவர் மீது 142ஆம் பிரிவில் வழக்குத் தொடரவும் வழியுண்டு, ஆனால் பதிவு பெற்றவர் தாமதமின்றி மீறல் வழக்குப் போட்டுவிட்டால் அந்த வழி அடைபடும்.

சில நேரம் புகார் நியாயமாகவே இருக்கும். எதிர்த்தரப்பு முந்தியது, தொழிலும் ஒன்று என்றால் போராடுவதில் பொருளில்லை. அப்போது கேட்டு வாங்க வேண்டியது அவகாசம். இன்ஸ்டாகிராமில் ஹேண்டிலை மாற்றினாலும் பின்தொடர்பவர்கள் அப்படியே இருப்பார்கள். ஆகவே பக்கம் மூடப்படும் முன் பெயரை மாற்றிக்கொள்ளவும், அச்சடித்த லேபிள்கள் தீரும் வரை இரண்டு மூன்று மாதம் விற்கவும், பழைய பாக்கிக் கோரிக்கை எதுவும் இல்லை என்றும் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும்.

உரிமை தன் பக்கம் இருப்பவர் அதோடு நில்லாமல் தானும் விண்ணப்பிப்பது நல்லது. தனி நபரும் சிறு நிறுவனமும் இணைய வழியாக TM-A படிவத்தில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்ட வேண்டும். 2019 முதல் பயன்பாடு என்று குறிப்பிடுவதால் அதற்கான பிரமாணப் பத்திரமும் அதே சான்றுகளும் சேரும். பதிவு கிடைக்கும் வரை பெயரோடு ™ போடலாம். பதிவில்லாமல் ® போடுவது குற்றம். பரிசோதகர் அந்த நிறுவனத்தின் பதிவைச் சுட்டிக்காட்டி ஆட்சேபம் எழுப்பக்கூடும். நேர்மையாக ஒரே காலத்தில் பயன்படுத்தி வருபவர்கள் இருவருக்கும் பதிவு தர 12ஆம் பிரிவு இடமளிக்கிறது. நீங்கள் உணவகம், நாங்கள் பொடி என்று இரு தரப்பும் எல்லை வகுத்து எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இருந்தால் அந்த ஆட்சேபத்தைக் கடப்பது எளிதாகிறது.