வென்றும் பணம் போகும் ஆட்டம்

ஒமாஹா ஹை-லோ போக்கரில் பந்தயத் தொகை இரண்டாகப் பிரியும். பாதி உயர்ந்த கைக்கு, பாதி தாழ்ந்த கைக்கு. கையில் நான்கு சீட்டு, மேசையில் பொதுவாக ஐந்து. கையிலிருந்து சரியாக இரண்டும் மேசையிலிருந்து மூன்றும் எடுத்தே ஆக வேண்டும். தாழ்ந்த கைக்கு ஐந்து சீட்டும் வெவ்வேறு எண்ணாக, எட்டுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ஏஸ் ஒன்றாகக் கணக்கு. மேசையில் அப்படி மூன்று விழாவிட்டால் தாழ்ந்த பாதியே கிடையாது. முழுத் தொகையும் உயர்ந்த கைக்குப் போய்விடும்.

ஏஸும் இரண்டும் கிடைத்தவுடன் பலர் மயங்கிவிடுகிறார்கள். ஒரு ஆட்டத்தைப் பாருங்கள். மேசையில் 3, 7, 8, ராஜா, ஜாக்கி. உங்கள் கையில் ஏஸ், 2, ராணி, 10. இதைவிடத் தாழ்ந்த கை சாத்தியமே இல்லை. மூவர் தலைக்கு 400 ரூபாய் போட்டு, 1,200 சேர்ந்திருக்கிறது. சீட்டைத் திறந்தால், எதிராளியிடமும் ஏஸ், 2. கூடவே இரண்டு ராஜா. மூன்று ராஜாவோடு உயர்ந்த பாதி 600 அவருக்கு. தாழ்ந்த 600-ஐ இருவரும் பங்கிட்டால் உங்களுக்கு 300. மிகச் சிறந்த தாழ்ந்த கையை வைத்துக்கொண்டே 100 ரூபாய் நஷ்டம்!

இருவர் மட்டும் ஆடியிருந்தால் 800-இல் உங்களுக்கு 200தான், நஷ்டம் இரட்டிப்பு. நால்வர் இருந்தால் போட்ட பணம் அப்படியே திரும்பும். ஆகவே, உயர்ந்த பக்கம் எதுவுமில்லாமல் வெறும் ஏஸ்-இரண்டோடு இருக்கும்போது, ஆள் குறைந்த மேசையில் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.