முழங்காலில் சேறு, புல்: எதை முதலில் எடுப்பது?

அல் குசைஸில் பாடசாலை பஸ்கள் வந்து நிற்கும் பிற்பகல் நேரத்தில் கீழே போய்ப் பாருங்கள். விளையாட்டு உடுப்புடன் இறங்கும் பிள்ளைகளில் பலரின் முழங்காலில் இரண்டு நிறம் இருக்கும்: ஒன்று மண் நிறம், மற்றது பச்சை. வெள்ளைக் காற்சட்டை என்றால் அம்மாவின் முகமும் மாறிவிடும். அடுத்த வாரமும் அதே உடுப்புத்தானே போக வேண்டும்.

ஊரில் நாங்கள் செய்தது உடனே தண்ணீரில் அமிழ்த்திக் கல்லில் அடித்துத் தோய்ப்பதுதான். இங்கு அந்தப் பழக்கமே பல வீடுகளில் கறையை நிலைக்கச் செய்துவிடுகிறது. காரணம், சேறும் புல்லும் ஒரே கறை அல்ல. சேறு என்பது நூலிழைகளுக்கு இடையில் சிக்கிய மண் துகள்கள். ஈரமாகத் தேய்த்தால் இன்னும் உள்ளே போகும், காய்ந்தால் உதிரும். புற்கறை என்பது புல்லின் சாறு. அதிலுள்ள பச்சை நிறமும் புரதமும் இழையில் பிடித்துக்கொள்ளும். நாட்பட நாட்பட இறுகும். சூடும் அதை இறுகச் செய்யும்.

அப்படியானால் இரண்டும் ஒரே முழங்காலில் இருந்தால் என்ன செய்வது? சேறு காயும் வரை மட்டும் பொறுங்கள். புல்லை மறுநாள் வரை விடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு வியாழக்கிழமை செய்ததை அப்படியே சொல்கிறேன்.

மகன் மூன்று மணிக்கு வந்தான். காற்சட்டையை ஃபானுக்குக் கீழே ஒரு மணித்தியாலம் விரித்து வைத்தேன். நான்கு மணிக்கு, காய்ந்த சேற்றைக் கரண்டியின் விளிம்பால் மெல்லச் சுரண்டி, பழைய பல் துலக்கும் பிறஷால் தட்டி உதிர்த்தேன். மிஞ்சியது பழுப்பு நிழலும் பச்சைக் கோடும்.

பிறகு உள்பக்கத்தில் ஒரு பழைய வெள்ளைத் துணியை வைத்து, பார்மசியில் விற்கும் 70 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோலைப் பஞ்சில் நனைத்துப் பச்சைக் கோட்டில் ஒற்றினேன். புல்லின் பச்சை தண்ணீரில் கரையாது, இதில் கரையும். பஞ்சில் பச்சை ஏறுவது கண்ணுக்கே தெரியும். பச்சை ஏறுவது நிற்கும்வரை பஞ்சை மாற்றி ஒற்ற வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நிற உடுப்பானால் முதலில் உள்மடிப்பில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். பாடசாலைச் சின்னம் அச்சிட்ட இடத்தில் படவிடாதீர்கள்.

அடுத்து, தண்ணீரில் நன்றாக அலசினேன். இங்குதான் புதிதாக வந்தவர்கள் ஏமாறுவார்கள். கோடையில் மொட்டைமாடித் தாங்கி வெயிலில் கிடப்பதால், குளிர்நீர்க் குழாயிலேயே சுடுநீர் வரும். அந்தக் காலத்தில் பலரும் குளியலறை ஹீற்றரை அணைத்துவிட்டு அதன் குழாய் நீரைப் பாவிப்பார்கள். அது வீட்டுக்குள் இருந்து ஆறிய தண்ணீர். இல்லையேல் ஒரு வாளியில் முதல்நாளே பிடித்து வையுங்கள்.

பின்னர் ஐந்து லீற்றர் இளஞ்சூட்டு நீரில் இரண்டு மேசைக்கரண்டி சவர்க்காரத்தூளை முற்றாகக் கரைத்து, ஒரு மணித்தியாலம் ஊறப்போட்டேன். தூளைத் தெரிவுசெய்யும்போது வாசனையைப் பார்க்காமல் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். அதில் 'என்சைம்' என்ற சொல் இருக்க வேண்டும். புரதத்தை வெட்டிக் கரைப்பது அதுதான். ஜெர்மனியில் ஒட்டோ றோம் என்பவர் 1913இல் உடுப்புத் தோய்க்க இதைப் பாவிக்கும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். என்சைம் வேலை செய்ய நேரம் வேண்டும், கொதிநீரில் அது கெட்டுவிடும். முன்பக்கம் திறக்கும் மெஷின் என்றால் அதற்குரிய, நுரை குறைந்த தூளையே வாங்குங்கள். கைத்தோய்ப்புத் தூள் நுரைத்துப் பொங்கும்.

ஊறியபின், பிறஷைக் கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெதுவாக ஓட்டினேன். வெளிநோக்கித் தேய்த்தால் கறை பரவும். அழுத்தித் தேய்த்தால் பொலியெஸ்டர் துணி பஞ்சு பஞ்சாகும். அதன்பின்தான் மெஷினில் 40 பாகையில் போட்டேன்.

குளோரின் பிளீச் வேண்டாம். அது நெகிழ்துணியின் இழையைக் கெடுக்கும், வெள்ளையை மஞ்சளாக்கும். செம்மண் கறையில் உள்ள இரும்பை அது எடுக்காது. மேலும் ஒட்டச் செய்யவும் கூடும். வினாகிரியுடன் அதைக் கலந்தால் நச்சுவாயு எழும்.

மெஷினிலிருந்து எடுத்ததும், ஈரமாக இருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் காயப்போடாமல் மறுபடி ஊறப்போடுங்கள். உலர்த்தும் இயந்திரமும் இஸ்திரியும் கறை முழுதும் போனபிறகுதான். இரண்டு தடவை ஊறியும் முழங்காலில் சாம்பல் நிழல் நின்றால் விரலால் தடவிப் பாருங்கள். துணி சொரசொரப்பாக இருந்தால் அது கறையல்ல, தேய்மானம். எந்தத் தூளும் அதை எடுக்காது.

எங்கள் காற்சட்டை ஏழு மணிக்குக் கொடியில் ஏறியது, வெள்ளையாகவே.