புது சென்சாருக்குப் பழைய நினைவு

நள்ளிரவில் ஓர் அழுத்த சென்சார் பழுதாகிறது. அது 6 பாரில் பம்பை நிறுத்த வேண்டியது. ஊழியர் அதே மாடலை மாட்டிக் கேபிளைச் செருகுகிறார். சில நொடிகளில் அந்த 6 பார் தானாகவே வந்துவிடுகிறது.

காரணம், ஐஓ-லிங்க் மாஸ்டர். சென்சாரின் அமைப்புகளை அது அந்தந்தப் போர்ட்டில் நகலெடுத்து வைத்திருக்கிறது. புதியது இணைந்ததும் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் சரிபார்க்கிறது. பொருந்தினால் நகலை இறக்குகிறது. பொருந்தாவிட்டால் போர்ட் பிழை காட்டும்.

இதற்குச் சென்சாரும் மாஸ்டரும் 1.1 பதிப்பைச் சேர்ந்திருக்க வேண்டும். போர்ட்டில் `Backup + Restore` முன்பே தேர்ந்திருக்க வேண்டும்.

வேறு இயந்திரத்தில் ஓடிய சென்சாரை மாட்டினால் கவனம் தேவை. சேமிக்கப்படாத மாற்றம் அதில் மிச்சமிருந்தால், அதன் பழைய மதிப்பு மாஸ்டரின் நகலை அழித்துவிடலாம். முதலில் அதைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புங்கள்.